49-ஆவது கட்டம்

"வர்ற மாசத்துக்கு டியூட்டி லிஸ்ட் போட்டுக் குடுத்துருங்க சிஸ்டர். மூணு ஷிப்டும் கவர் ஆகணும். யாரும் குறை சொல்லாத மாதிரி சமமா இருக்கணும்."

சிறிய தனியார் மருத்துவமனைகளில் நிர்வாகியிடமிருந்து வார்டு இன்சார்ஜ் சிஸ்டருக்கு இப்படித்தான் வேலை வருகிறது. சொன்னவருக்கு எல்லாம் சொல்லிவிட்ட நிறைவு. கேட்டவர் கையில் இருப்பதோ ஒரு வெற்றுத்தாள். எத்தனை பேரை வைத்துப் போடுவது, ஒரு ஷிப்ட் எத்தனை மணி நேரம், வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு கட்டாயமா, இரவு வேலை முடித்தவர் எப்போது திரும்ப வர வேண்டும் என்ற எதுவும் அந்த மூன்று வாக்கியத்தில் இல்லை. அவர் எழுந்து போய், "சார், அனிதா மெட்டர்னிட்டி லீவுல போறாங்க, புதுசா யாரும் வர்றாங்களா?" என்று கேட்டால், "இருக்கறவங்கள வச்சு அட்ஜஸ்ட் பண்ணுங்க சிஸ்டர்" என்று பதில் வரும்.

அட்ஜஸ்ட் செய்வார்கள்தான். டியூட்டி லிஸ்டில் கட்டங்களை வெறுமனே விட முடியாது. எல்லாவற்றிலும் ஒரு பெயர் வந்தாக வேண்டும். நிர்வாகம் சொல்லாமல் விட்ட ஒவ்வொரு விதியையும் லிஸ்ட் போடுகிறவர் தானாக முடிவு செய்கிறார். அவர் வேண்டுமென்று அநியாயம் செய்வதில்லை. ஆனால் எதிர்த்துப் பேசாதவர், புதிதாகச் சேர்ந்தவர், ஹாஸ்டலிலேயே தங்கியிருப்பவர் ஆகியோரின் ஓய்விலிருந்துதான் அந்த முடிவுகளுக்கான விலை போகிறது. இது எப்படி நடக்கிறது என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். கூட்டல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

ஒரு 30 படுக்கை வார்டை எடுத்துக்கொள்வோம். காலையில்தான் வேலை அதிகம். டாக்டர் ரவுண்ட்ஸ், ஊசி மருந்து, ரத்த மாதிரி எடுப்பது, டிஸ்சார்ஜ், புது அட்மிஷன் எல்லாம் அந்த நேரத்தில் வருகின்றன. அதனால் காலையில் 3 செவிலியர், மாலையில் 2, இரவில் 2 என்று வைப்போம். இது போதுமா என்பது தனிக் கேள்வி. நம் கணக்குக்கு இதையே எடுத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 7 கட்டம். வார்டுக்கு ஞாயிறும் கிடையாது, தீபாவளியும் கிடையாது. ஆக, வாரத்துக்கு 49 கட்டம்.

ஒரு செவிலியர் வாரத்தில் ஒரு நாள் ஓய்வெடுத்தால் 6 கட்டங்களை நிரப்புவார். 49-ஐ 6-ஆல் வகுத்தால் 8-க்குக் கொஞ்சம் மேலே வருகிறது. "கொஞ்சம்தானே, 8 பேர் போதும்" என்று தோன்றும். அந்தக் கொஞ்சத்தைத்தான் நெருங்கிப் பார்க்க வேண்டும். 8 பேர் ஆறு நாள் வேலை செய்தால் 48 கட்டங்கள் நிரம்பும். 49-ஆவது கட்டத்துக்கு ஆள் இல்லை. வாரம் ஒன்று, மாதம் நான்கைந்து. யாரும் லீவு போடவில்லை, யாருக்கும் காய்ச்சல் வரவில்லை, யாரும் வேலையை விட்டுப் போகவில்லை என்றாலும் இந்தப் பற்றாக்குறை இருந்துகொண்டே இருக்கும். லிஸ்ட் போடுகிறவர் எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும், எட்டுப் பேரை எப்படி இடம் மாற்றி எழுதினாலும் 48-ஐ 49 ஆக்க முடியாது. அந்த ஒரு கட்டத்தில் யாரோ ஒருவரின் ஆஃப் போகும், அல்லது யாரோ ஒருவர் டபுள் டியூட்டி பார்ப்பார்.

தாளில் இது எப்படி இருக்கும் என்று பார்ப்போம். காலையைக் 'கா' என்றும், மாலையை 'மா' என்றும், இரவை 'இ' என்றும், ஓய்வை 'ஓ' என்றும் எழுதுவோம். 8 பேரும் ஒரே 8 நாள் சுற்றில் போகிறார்கள்:

கா கா கா மா மா இ இ ஓ

முதல் செவிலியர் இந்தச் சுற்றை இன்று தொடங்கினால், அடுத்தவர் நாளை, அதற்கடுத்தவர் நாளை மறுநாள் என்று ஒவ்வொரு நாள் தள்ளித் தொடங்குவார்கள். எட்டுப் பேரும் சுற்றுக்குள் வந்தபின் எந்த நாளை எடுத்தாலும் காலையில் 3 பேர், மாலையில் 2, இரவில் 2, ஓய்வில் ஒருவர் இருப்பார்கள். எல்லோருக்கும் ஒரே சுற்று என்பதால் நிர்வாகி கேட்ட சமமும் வந்துவிடுகிறது. மூன்று ஷிப்டும் கவர் ஆகிறது. அவர் கேட்ட இரண்டும் நிறைவேறிவிட்டன, கையெழுத்துப் போட்டுவிடுவார்.

ஆனால் அந்த வரிசையை இடமிருந்து வலமாக ஓர் ஆள் வாழ்வதாக நினைத்துப் படிக்க வேண்டும். தொடர்ந்து ஏழு நாள் வேலை, எட்டாவது நாள் ஓய்வு. ஒரு நாளைக்கு ஒருவருக்கு ஓய்வு என்றால் வாரத்துக்கு ஏழு ஓய்வுகள். ஆள் எட்டு. அதனால் ஒவ்வொரு வாரமும் யாராவது ஒருவருக்கு ஞாயிறு முதல் சனி வரை ஓய்வே இருக்காது. 49-ஆவது கட்டம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. எட்டுப் பேருக்கும் மாறி மாறி வருவதால் கண்ணில் படுவதில்லை.

கிடைக்கிற அந்த ஒரு ஓய்வும் எப்படிப்பட்டது? இரவு ஷிப்ட் 8 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 8 மணிக்கு முடிகிறது என்று வைப்போம். இரண்டாவது இரவு முடிந்து காலை 8-க்கு வார்டை விட்டு இறங்குகிறார். தாளில் அன்றைக்கு 'ஓ'. பஸ் பிடித்து வீடு போய், குளித்துச் சாப்பிட்டுப் படுத்தால் மாலை வரை தூக்கம். எழுந்து துணி துவைத்து, பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்த்து, மறுபடி படுத்தால் காலை 8 மணிக்கு மீண்டும் டியூட்டி. செவிலியர்கள் இதை 'நைட் ஆஃப்' என்று சொல்வார்கள். வார ஓய்வு என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இரண்டும் ஒன்றா, வேறு வேறா என்பதை நிர்வாகம்தான் சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் தாளில் இரண்டும் 'ஓ'தான்.

சட்டம் இதில் குறைந்தபட்சத்தை மட்டும் சொல்கிறது. இரவு ஷிப்ட் நள்ளிரவைத் தாண்டினால், வார விடுமுறை என்பது அந்த ஷிப்ட் முடிந்த நேரத்திலிருந்து தொடர்ச்சியாக 24 மணி நேரம் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 57-ஆவது பிரிவில் விளக்கியது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணிப் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் தொகுப்பும் அந்த விளக்கத்தை வைத்துக்கொண்டிருக்கிறது. காலை 8 முதல் மறுநாள் காலை 8 வரை சரியாக 24 மணி நேரம். ஆக, அந்த அளவுகோலில் நம் நைட் ஆஃப் மயிரிழையில் தேறிவிடும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1977-இல் செவிலியர்களுக்கென்றே வெளியிட்ட பரிந்துரை வேறு மாதிரி பேசுகிறது. தொடர்ச்சியான வார ஓய்வு எந்த நிலையிலும் 36 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்கிறது அது. பரிந்துரை என்பதால் யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனாலும் செவிலியர் வேலையைத் தெரிந்தவர்கள் எழுதியது என்று அந்த 36-ஐப் பார்த்தாலே புரிகிறது. 36 மணி நேரத்தில் பெரும்பாலும் ஓர் இரவுத் தூக்கமும் ஒரு முழுப் பகலும் கைக்கு வரும்.

ஒன்பதாவது ஆளைச் சேர்ப்போம். இப்போது சுற்று 9 நாள். அதே மூன்று காலை, இரண்டு மாலை, இரண்டு இரவு. ஓய்வு மட்டும் இரண்டு. ஆனால் அந்த இரண்டு ஓய்வை எங்கே வைப்பது? முதல் வழி, இரண்டையும் கடைசியில் சேர்த்துவைப்பது:

கா கா கா மா மா இ இ ஓ ஓ

இன்னொரு வழி, பிரித்துவைப்பது:

கா கா கா மா மா ஓ இ இ ஓ

ஆள் எண்ணிக்கையும் வேலை நேரமும் இரண்டிலும் ஒன்றே. முதல் வழியில் இரவு முடிந்து இறங்கினால் இரண்டு நாள் முழுதாகக் கையில். திண்டுக்கல்லிலிருந்தோ நாகர்கோவிலிலிருந்தோ வந்து சென்னையில் ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பெண்ணைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் கேட்பார். ஊருக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வரலாம். ஆனால் இங்கும் ஏழு நாள் தொடர் வேலை இருக்கிறது. ஆள் கூடியும், ஒவ்வொரு வாரமும் யாரோ ஒருவருக்கு ஞாயிறு முதல் சனி வரை ஓய்வே வருவதில்லை. வாரத்தில் ஆறு நாளுக்கு மேல் வேலை கூடாது என்ற விதியை எழுத்துப்படி எடுத்துக்கொண்டால் இது தேறாது.

இரண்டாவது வழியில் ஐந்து நாளுக்கு மேல் தொடர் வேலையே இல்லை. எந்த ஏழு நாளை எடுத்தாலும் குறைந்தது ஓர் ஓய்வு உள்ளே இருக்கும். மாலை ஷிப்ட் முடித்து இரவு 8-க்கு இறங்கியவர் மறுநாள் முழுவதும் ஓய்வில் இருந்து, அதற்கடுத்த நாள் இரவு 8-க்கு வந்தால் போதும். 48 மணி நேரம் கிடைக்கிறது, இரண்டு இரவும் வீட்டில் தூங்கலாம். ஆனால் கடைசி 'ஓ' வெறும் நைட் ஆஃப்தான். ஊருக்குப் போகத் தோதுப்படாது. உள்ளூரில் குடும்பத்தோடு இருப்பவருக்கு இது நல்ல லிஸ்ட், வெளியூர்க்காரருக்குக் கசப்பான லிஸ்ட்.

என் அபிப்பிராயத்தில் இரண்டாவதே நல்லது. ஏழு நாள் தொடர் வேலையின் கடைசி இரண்டு நாளும் பன்னிரண்டு மணி நேர இரவாக இருப்பது மருந்து அளவு பார்த்துக் கொடுக்கிற கைகளுக்கு நல்லதல்ல. ஆனால் இது தாளைப் பார்த்து நான் சொல்வது. அந்த வார்டின் செவிலியர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டால் அவர்கள் வேறு காரணம் சொல்லலாம், அது நியாயமாகவும் இருக்கலாம். கேட்காமல் போட்ட லிஸ்டில் மட்டும் அந்தக் காரணம் ஒருபோதும் இடம்பெறாது.

இதுவரை ஷிப்டின் நீளத்தைத் தொடவில்லை. காலை 8 முதல் 2, பகல் 2 முதல் இரவு 8, இரவு 8 முதல் காலை 8 என்ற 6-6-12 முறையைச் சொல்லாமலே எடுத்துக்கொண்டேன். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பல மருத்துவமனைகளில் இதுவோ, இதற்கு நெருக்கமான நேரமோதான் இருக்கிறது. இதற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. மூன்று ஷிப்டையும் சமமாக எட்டெட்டு மணி நேரமாக்கினால், காலை 6, பகல் 2, இரவு 10 என்று வரும். இரவு 10 மணிக்கு டியூட்டி முடித்த பெண் வீட்டுக்கு எப்படிப் போவார்? கடைசி டவுன் பஸ் போயிருக்கும். மருத்துவமனை வண்டி விடவில்லை என்றால் அவர் விடியும்வரை அங்கேயே இருக்க வேண்டியதுதான். இரவு 8 மணி மாற்றம் அந்தச் சிக்கலைத் தவிர்க்கிறது.

ஆனால் 6-6-12 முறையில் ஷிப்டை எண்ணினால் ஏமாந்துபோவோம். மணியை எண்ண வேண்டும். வாரம் ஆறு காலை பார்த்தவருக்கு 36 மணி நேரம், ஆறு இரவு பார்த்தவருக்கு 72 மணி நேரம். இருவருக்கும் லிஸ்டில் ஆறு கட்டம்தான். நிர்வாகி சமம் என்று கேட்டது எதில் என்று சொல்லவில்லை. கட்டத்தில் சமம் என்று போட்டால், இரவு அதிகம் விழுந்தவர் இரு மடங்கு நேரம் உழைக்கிறார்.

நம் வார்டின் மணிக்கணக்கைப் போடுவோம். காலை மூன்று பேருக்கு 18, மாலை இருவருக்கு 12, இரவு இருவருக்கு 24; ஆக நாளுக்கு 54 மணி நேரம், வாரத்துக்கு 378. இந்தியத் தொழிலாளர் சட்டங்களில் திரும்பத் திரும்ப வருகிற வார வரம்பு 48 மணி நேரம். தொழிற்சாலைகள் சட்டத்திலும் அதுதான், 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்திலும் அதுதான். (எந்த நிறுவனத்துக்கு எந்தச் சட்டம், எந்த விலக்கு என்பதை நிர்வாகம்தான் முதலில் தெளிவுபடுத்த வேண்டும், இன்சார்ஜ் சிஸ்டரின் தலையில் அதையும் கட்டக் கூடாது.) 378-ஐ 48-ஆல் வகுத்தால் எட்டுக்குக் கொஞ்சம் கீழே வருகிறது. அதாவது மணி நேரக் கணக்கில் எட்டுப் பேர் போதும்! ஆளுக்கு வாரம் 47 மணி 15 நிமிடம். வார ஓய்வுக் கணக்கில் எட்டுப் பேர் போதாது என்று முன்பே பார்த்தோம். ஒரே வார்டு, ஒரே எட்டுப் பேர். ஒரு விதியில் பாஸ், இன்னொன்றில் ஃபெயில். "48 மணி நேரத்துக்குள்தானே இருக்கு?" என்று நிர்வாகி கேட்டால் அவர் சொல்வதும் உண்மை. "ஏழு நாளா வீட்டுல இருக்க முடியல சார்" என்று செவிலியர் சொன்னால் அதுவும் உண்மை. விதிகளை முதலிலேயே எழுதிவைக்காததால், இருவரும் வேறு வேறு கணக்கை வைத்துக்கொண்டு ஒரே தாளைப் பார்த்துச் சண்டை போடுகிறார்கள்.

ஷிப்டை நீட்டினால் ஆள் குறையும் என்ற ஆசை அடிக்கடி வருகிறது. பகல் 12, இரவு 12 என்று இரண்டே ஷிப்ட் வைத்தால் பகலில் 3, இரவில் 2, நாளுக்கு ஐந்தே கட்டம். ஏழு பேரை வைத்துக்கொண்டு மூன்று பகல், இரண்டு இரவு, இரண்டு ஓய்வு என்று ஏழு நாள் சுற்று போடலாம். பார்க்கவே ஆசையாக இருக்கும். வாரம் இரண்டு நாள் ஓய்வு, அதுவும் சேர்ந்தாற்போல. நிர்வாகத்துக்கு இரண்டு சம்பளம் மிச்சம். செவிலியர்களிலேயே சிலர் கைதட்டுவார்கள். ஆனால் ஐந்து கட்டம் என்பது இங்கே 60 மணி நேரம். 48-ஐத் தாண்டிய 12 மணி நேரத்துக்கு, சட்டம் பொருந்துகிற இடத்தில், இரட்டிப்புக் கூலி தர வேண்டும். 48-க்குள் நிற்க வேண்டும் என்றால் இந்த முறைக்கும் ஒன்பது பேர்தான் வேண்டும். நோயாளியின் அருகில் நிற்க வேண்டிய மணி நேரம் குறையவில்லை; அது இன்னும் கூடத்தான் செய்திருக்கிறது, நாளுக்கு 54-இலிருந்து 60-க்கு. மிச்சமானது போலத் தெரிந்த இரண்டு சம்பளம், இருக்கிற ஏழு பேர் கூடுதலாக நின்ற நேரம்.

ஒரு ஷிப்டிலிருந்து இன்னொன்றுக்கு நோயாளிகளை ஒப்படைக்கும் ஹேண்டிங் ஓவர் நேரமும் இதில் வரவில்லை. 30 படுக்கைக்கு அரை மணி நேரமாவது ஆகும். 2 மணிக்கு முடியும் ஷிப்ட் இரண்டரைக்குத்தான் முடிகிறது. லிஸ்டில் அந்த அரை மணி இல்லை.

லீவுக்கு வருவோம். ஒன்பது பேருக்கும் சாதாரண விடுப்பு, ஈட்டிய விடுப்பு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு ஆளுக்கு 24 நாள் என்று வைத்தால், மொத்தம் 216 நாள். 365 நாளில் பாதிக்கும் மேலான நாட்களில் ஒருவர் லீவில் இருப்பார் என்று பொருள். ஒன்பது பேர் சுற்றில் நாளுக்கு இரண்டு பேர் ஓய்வில் இருக்கிறார்கள்; லீவு போட்டவரின் கட்டத்தை நிரப்ப அவர்களில் ஒருவரைத்தான் கூப்பிட வேண்டும். அதற்கு 'காம்ப் ஆஃப்' தருவதாகச் சொல்வார்கள். அந்த காம்ப் ஆஃபை எடுக்கும் நாளிலும் இன்னொருவரின் ஓய்வு போகும். நோட்டில் கடனாக ஏறிக்கொண்டே போய், வேலையை விட்டு விலகும் நாளில் பலருக்கு அது கைக்கு வராமலே போகிறது.

பத்தாவது ஆள் இதற்குத்தான். அரசு அமைப்புகள் இதை ஆடம்பரமாக நினைக்கவில்லை. செவிலியர் பணியிடங்களைக் கணக்கிட மத்திய அரசின் பணியாளர் ஆய்வுப் பிரிவு வகுத்த நெறிமுறை, வார ஓய்வுக்கும் விடுப்புக்குமாக 45 சதவீதம் கூடுதல் இடங்களைச் சேர்க்கச் சொல்கிறது. இந்திய நர்சிங் கவுன்சிலின் நெறியில் விடுப்பு ஒதுக்கீடு 30 சதவீதம். நம் வார்டின் ஏழு கட்டத்தோடு 45 சதவீதத்தைச் சேர்த்தால் பத்தைத் தொடுகிறது. 30 சதவீதம் என்றால் ஒன்பது. நாம் விரல்விட்டு எண்ணி வந்த இடமும் அதுதான். பத்துப் பேர் இருந்தால் சுற்று இப்படி அமையும்:

கா கா கா மா மா ஓ இ இ ஓ ஓ

ஐந்து நாளுக்கு மேல் தொடர் வேலை இல்லை, நைட் ஆஃபுக்குப் பின் ஓர் உண்மையான ஆஃப் உண்டு, ஹாஸ்டல் பெண் ஊருக்குப் போகலாம். யாராவது லீவு போட்டால் அன்றைக்கு ஓய்வில் இருக்கும் மூவரில் ஒருவரைக் கூப்பிட்டாலும், அவருக்கு அந்தச் சுற்றில் வேறு ஓய்வு மிஞ்சும். ஆனால் மகப்பேறு விடுப்பை இந்தப் பத்தாவது ஆளால் தாங்க முடியாது. 2017-இல் திருத்தப்பட்ட சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு அது 26 வாரம். இளம் பெண்கள் நிறைந்த வார்டில் இது எதிர்பாராத நிகழ்வல்ல, ஆறு ஏழு மாதம் முன்னதாகவே தெரிந்த தேதி. அந்த 26 வாரத்துக்குத் தற்காலிகமாக ஓர் ஆளை எடுப்பதா இல்லையா என்ற முடிவு நிர்வாகியின் மேசையில் எடுக்கப்பட வேண்டியது. அங்கே எடுக்கப்படாவிட்டால், டியூட்டி லிஸ்டில் அரை வருடம் பத்து ஒன்பதாகவும் ஒன்பது எட்டாகவும் சுருங்கிக் கிடக்கும்.

இப்படி விதி இல்லாமல் போட்ட லிஸ்டைக் கையில் கொடுத்தால், அதை எப்படி அடையாளம் காண்பது? பெரும்பாலானோர் மேலிருந்து கீழாக, நாள் நாளாகச் சரிபார்க்கிறார்கள். மூன்று, இரண்டு, இரண்டு இருக்கிறதா, இருக்கிறது, சரி. அந்தத் திசையில் மோசமான லிஸ்டும் சரியாகவே தெரியும். பெயரில் விரல் வைத்துக் குறுக்காகப் படிக்க வேண்டும். இரவை அடுத்து நேராகக் காலை வந்திருக்கிறதா? ஓய்வுக்கு முந்தைய கட்டம் எல்லாம் இரவாகவே இருக்கிறதா? அப்படியென்றால் அவருக்குக் கிடைப்பதெல்லாம் நைட் ஆஃப். பிறகு மாதக் கடைசியில் அதே தாளை வாங்கிப் பார்க்க வேண்டும். முதல் தேதி ஒட்டிய லிஸ்டும் முப்பதாம் தேதி கழற்றிய லிஸ்டும் வேறு வேறாக இருக்கும். அடித்துத் திருத்திய பெயர்கள், அம்புக்குறிகள், 'டபுள்' என்று சிவப்பு மையில் எழுதியது. அந்தத் திருத்தங்களில் யார் பெயர் அடிக்கடி வருகிறது என்று எண்ணினால், நிர்வாகம் சொல்லாமல் விட்ட விதிகளின் சுமையை அந்த வார்டில் யார் தாங்குகிறார் என்று தெரிந்துவிடும்.

எண்ணிக்கை, நீளம், ஓய்வு மூன்றையும் எழுதிக் கொடுத்த பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது; அனுபவமுள்ள இன்சார்ஜ்கள் கேட்பது அதைத்தான்: "யார் யார் சார்?" இரவில் இரண்டு பேர் என்றால், இருவரும் போன மாதம் படிப்பு முடித்து வந்தவர்களாக இருக்க முடியாது. ஒருவராவது சீனியராக இருக்க வேண்டும். ஒன்பது பேரில் நான்கு சீனியர்கள் இருக்கிறார்கள் என்றால் தாராளமாகப் போதும் என்று தோன்றும். கணக்குப் பார்த்தால், ஒவ்வொருவரும் 9 நாள் சுற்றில் இரண்டு இரவு பார்க்கிறார்கள். நான்கு சீனியர்கள் எட்டு இரவு பார்ப்பார்கள். ஒன்பதாவது இரவில் இரண்டு ஜூனியர்கள் மட்டும் 30 நோயாளிகளோடு இருப்பார்கள்.

ஐந்தாவது சீனியர் இருந்தால், ஐவரையும் சுற்றில் ஒன்றுவிட்டு ஒன்றாக நிறுத்தினால் எந்த இரவும் சீனியர் இல்லாமல் போகாது. இல்லையென்றால் அந்த ஒன்பதாவது இரவுக்கு மட்டும் ஒரு சீனியர் கூடுதல் இரவு பார்க்க வேண்டும், அவருடைய ஒரு காலையை ஜூனியரோடு மாற்றிக்கொண்டு. 12 மணி நேர இரவுக்கு 6 மணி நேரக் காலையை மாற்றுவதால் அவருக்கு ஆறு மணி நேரம் கூடுகிறது. அந்த ஆறு மணி நேரம் கூலியாகத் திரும்புமா, ஓய்வாகத் திரும்புமா என்று லிஸ்ட் எழுதும் முன்பே நிர்வாகி சொல்லியாக வேண்டும்.